அப்பா நம்மோடு வந்து தங்கும் முதல் வருஷம்: எவ்வளவு ஒதுக்குவது, எங்கே ஒதுக்குவது

கேள்வி: "அப்பாவுக்கு 76 வயது. அம்மா இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்தார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, போன வருஷம் ஒரு முறை கீழே விழுந்தார். அடுத்த மாதம் சென்னைக்கு எங்களோடு வருகிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மருந்து, பார்த்துக்கொள்ள ஆள், வீட்டில் செய்ய வேண்டிய மாற்றம் எல்லாம் சேர்த்து முதல் வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? மாசம் 20 ஆயிரம் போதுமா?"

பகலில் ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் போதாது. ஆள் தேவையில்லை என்றால் தாராளமாகப் போதும். உங்கள் கேள்வியே உண்மையில் இந்த ஆள் செலவில்தான் நிற்கிறது.

என் அம்மா 2025 மார்ச்சில் மன்னார்குடியிலிருந்து எங்களோடு குரோம்பேட்டைக்கு வந்தார். அப்போது அவருக்கு 74 வயது, உங்கள் அப்பாவைப் போலவே சுகரும் பிரஷரும். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதி வந்தேன். வருஷ முடிவில் மொத்தம் 6,05,000 ரூபாய் ஆகியிருந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாசம் 50 ஆயிரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்படி வகுத்தால் விஷயம் மறைந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் மட்டுமே 3 லட்சம் போய்விட்டது. மீதி ஒன்பது மாதத்துக்கு மாசம் 33 ஆயிரம், நடுவில் தீபாவளிக்கு ஆளுக்குக் கொடுத்த 8 ஆயிரம், அவ்வளவுதான். அதனால் மாதாந்திரத் தொகையைவிட, அவர் வருவதற்கு முன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

நீங்கள் மருந்து, ஆள், வீடு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் மூன்று பக்கம் போட்டு ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது, மூன்றும் தனித்தனி செலவு இல்லை. மருந்துப் பையும் பாத்ரூமும் எப்படி இருக்கின்றனவோ அதை வைத்துத்தான் ஆள் செலவு 20 ஆயிரமா 35 ஆயிரமா என்று முடிவாகிறது. அதனால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் மருந்து, அப்புறம் பாத்ரூம், கடைசியில் ஆள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

மருந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் கணக்கில் பெரிய ஓட்டை அங்கேதான் விழுந்தது. அம்மா வரும்போது ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை கொண்டுவந்தார். ஊரில் ஒரு டாக்டரிடம் பல வருஷமாகப் பார்த்து வந்தார். இங்கே வந்ததும் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம், அவர் பிரஷர் அதிகம் இருக்கிறது என்று புது மாத்திரை எழுதினார். பழையதை நிறுத்தச் சொன்னாரா என்று எங்களுக்குச் சரியாகக் கேட்கத் தோன்றவில்லை. ஊர் மாத்திரையில் டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் இருந்தது. புது மாத்திரையில் டெல்மிசார்ட்டனும் குளோர்தாலிடோனும். கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. அதனால் இரண்டும் வேறு வேறு மருந்து என்றே நினைத்து இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் ஒரே வேலையைச் செய்கிற மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறோம். ஹைட்ரோகுளோரோதையசைடும் குளோர்தாலிடோனும் சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிற மாத்திரைகள், தண்ணீரோடு சேர்த்து உடம்பின் உப்பையும் வெளியேற்றும்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் அம்மா பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார். "இது யார் வீடு, எப்போ ஊருக்குப் போறோம்" என்று கேட்டார். அதற்கு முந்தைய பத்து நாளாகவே சோர்வு, எப்போதும் தூக்கம், நடை தள்ளாட்டம், சாப்பாட்டில் வெறுப்பு. புது இடம், ஊர் ஞாபகம், அதுதான் இப்படி இருக்கிறார் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். இடம் மாறிய முதியவரிடம் இதுதான் ஆபத்து, எந்த மாற்றம் வந்தாலும் அதை இடமாற்றத்தின் மேல் போட்டுவிடலாம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். இதை வேகமாக ஏற்றினால் மூளைக்கே பாதிப்பு வரும் என்பதால் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், அதனாலேயே இரண்டு நாள் ஐசியூவில் வைத்தார்கள். மொத்தம் நான்கு நாள், 82 ஆயிரம் ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கும்போது கால் தடுமாறியதால் ஒரு மாதம் இரவிலும் ஆள் தேவைப்பட்டது, அதற்குக் கூடுதலாக 14 ஆயிரம். ஆக 96 ஆயிரம் ரூபாய். சோடியம், பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோலைட்ஸ் பரிசோதனைக்கு ஆகியிருக்கக்கூடியது சில நூறு ரூபாய்.

அதனால் உங்கள் பட்ஜெட்டில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: வந்த முதல் வாரத்திலேயே ஒரே டாக்டரிடம் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மேஜையில் கொட்டி, எது வேண்டும், எது வேண்டாம், எது இன்னொன்றின் நகல் என்று கேட்பது. அட்டையின் பின்பக்கம் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ளே என்ன மருந்து என்று இருக்கும். அதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள், கம்பெனி பெயரை எழுத வேண்டாம். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும். முதியோர் மருத்துவத்துக்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவது நல்லது. சென்னையில் அரசுப் பக்கமே கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். சிறுநீர் மாத்திரை ஏதாவது புதிதாக ஆரம்பித்தால், ஒன்றிரண்டு வாரத்தில் சோடியம் பார்க்கட்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள்.

அம்மாவுக்கு அந்தப் பரிசீலனைக்குப் பிறகு பதினொரு மாத்திரை ஏழாகக் குறைந்தது. மருந்துச் செலவு மாசம் 6,800 ரூபாயிலிருந்து 4,300க்கு வந்தது. இது மலிவான மருந்துக்கு மாறியதால் மட்டும் வந்த மிச்சம் இல்லை, பாதி மிச்சம் தேவையில்லாத மாத்திரையும் சத்து மாவு டப்பாக்களும் நின்றதால் வந்தது. மீதி மிச்சத்துக்கு மக்கள் மருந்தகமும் (ஜன் அவுஷதி), 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகமும் உதவின. சுகர், பிரஷர், கொழுப்பு மாத்திரைகள் அங்கே வெளியில் வாங்குவதைவிட மிகக் குறைவு. ஆனால் இன்சுலின், தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, இவற்றில் டாக்டரிடம் சொல்லாமல் கம்பெனி மாற்ற வேண்டாம். அளவில் சின்ன வித்தியாசம் வந்தாலும் அவற்றில் தெரியும்.

அடுத்தது பாத்ரூம். வீட்டு மாற்றம் என்றதும் எல்லோரும் அறைக்கு ஏசி, புதுக் கட்டில், டிவி என்று ஆரம்பிக்கிறார்கள். முதியவர் விழும் இடம் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற அந்தப் பத்தடி, அதுவும் இரவில். பணத்தை அங்கே போடுங்கள். எங்களுக்கு பாத்ரூமுக்கு 42 ஆயிரம் ஆனது, அதில் 26 ஆயிரம் வழவழப்பான பழைய டைல்ஸை எடுத்து சொரசொரப்பானது போட்டதற்கு. வாடகை வீடு என்றால் இதைச் செய்ய முடியாது, அப்போது ரப்பர் பாயைவிட, குளிக்கிற இடத்தையும் கழிப்பிடத்தையும் ஒரு திரையால் பிரிப்பது உதவும். ரப்பர் பாயின் ஓரம் மடங்கி அதுவே காலைத் தட்டும்.

கைப்பிடியில் கஞ்சத்தனம் வேண்டாம். உறிஞ்சி ஒட்டும் வகை எதற்கும் உதவாது. ஸ்டீல் கைப்பிடியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உங்கள் அடுக்குமாடிச் சுவர் செங்கல்லா, எடை குறைந்த வெள்ளை பிளாக்கா என்று முதலில் பாருங்கள். வெள்ளை பிளாக் சுவரில் சாதாரண பிளக் போட்டால் ஒரு ஆள் எடையில் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது, ரசாயனப் பசை ஊற்றிப் பொருத்துவது. வேலை முடிந்ததும் பொருத்தியவரையே அதில் தொங்கிக் காட்டச் சொல்லுங்கள், நான் சொன்னேன், ஒன்று கழன்று வந்தது, அன்றே மாற்றிப் போட்டார். ஒன்று கமோடுக்குப் பக்கத்தில், அப்பாவுக்கு எந்தக் கை பலமோ அந்தப் பக்கம். இன்னொன்று உள்ளே நுழையும் இடத்தில் நெட்டுக்குத்தாக. மூன்றாவது குளிக்கிற இடத்தில். துண்டு போடும் கம்பியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், தடுமாறும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கும், அது கழன்றுவிடும்.

கதவையும் பாருங்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. தச்சரை வைத்து வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம். நாலாயிரத்துக்குள் முடிந்தது, அந்த 42 ஆயிரத்தில் எனக்கு மிகவும் நிம்மதி கொடுத்தது இதுதான். இன்னொரு சின்ன விஷயம், வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு உறுதியான முக்காலி மேல் வையுங்கள். அம்மா குனிந்து மக்கில் மொண்டு நிமிரும்போதுதான் ஒவ்வொரு முறையும் தலை சுற்றியது, வாளி முழங்கால் உயரத்துக்கு வந்ததும் அது நின்றுபோனது.

கட்டிலும் மெத்தையும் 16 ஆயிரம், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படுகிற உயரம், அது ஒன்றுதான் பார்க்க வேண்டியது. வாக்கர், கமோடு நாற்காலி, பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, கூப்பிட ஒரு மணி, வழி நெடுக இரவு விளக்கு எல்லாம் சேர்த்து 9 ஆயிரம். முதல் முழுப் பரிசோதனை, கண், பல் செட் எல்லாம் சேர்த்து 33 ஆயிரம். பல் செட்டை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, ஆனால் மெல்ல முடியாமல் இட்லியும் கஞ்சியுமாகவே சாப்பிட்டால் சுகர் எகிறும். ஆக ஒரே தடவை ஆகும் செலவு எங்களுக்கு சரியாக ஒரு லட்சம்.

இப்போது ஆள். எங்கள் பகுதியில் ஏஜென்சி மூலம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரைக்கும் வருபவருக்கு மாசம் 19 ஆயிரம் கொடுத்தோம், அவருடைய மூன்று வேளைச் சாப்பாடும் காபியும் கணக்கிட்டால் 3 ஆயிரம் சேரும், ஆக 22 ஆயிரம். நர்ஸ் படித்தவர் என்றால் இதைவிட மிக அதிகம். காயத்துக்குக் கட்டு, குழாய், ஊசி போன்ற வேலை இல்லையென்றால் நர்ஸ் தேவையில்லை, குளிக்க வைத்து, நடக்க வைத்து, மாத்திரை கொடுத்து, பேசிக்கொண்டிருக்கிற ஆள் போதும்.

பகலுக்கு மட்டுமா, இரவும் சேர்த்தா என்பதுதான் பெரிய தொகையைத் தீர்மானிக்கும் முடிவு. அதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒன்று இரண்டு முறை எழுந்து, விளக்கும் கைப்பிடியும் இருந்து, தானே போய் வர முடிகிறது என்றால் இரவு ஆள் வேண்டாம். நான்கு ஐந்து முறை என்றால் முதலில் ஏன் என்று பாருங்கள். சிறுநீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருக்கலாம், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆண்களுக்கு இந்த வயதில் புராஸ்டேட் வீக்கம் சகஜம், அதற்கு மருந்து உண்டு. ராத்திரி காரணத்தைச் சரிசெய்தால் மாசம் 14 ஆயிரம் மிச்சமாகிறது, அதைவிட முக்கியம், அவர் தூங்குகிறார்.

ஏஜென்சி ஆள் நிற்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். எங்களுக்கு ஒரு வருஷத்தில் நான்கு பேர் மாறினார்கள். ஒருவருக்கு மகள் பிரசவம், ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. மாற்று ஆள் அனுப்புவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், நடைமுறையில் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களுக்கு உங்கள் இருவரின் விடுப்பில் ஆளுக்கு ஒரு வாரத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள், அதுவும் பட்ஜெட்தான். முன்பணம் எவ்வளவு, வாராந்திர விடுமுறை உண்டா, அந்த நாளுக்குப் பிடித்தம் உண்டா, விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். புது ஆள் வரும் நாளில் முடிந்தால் பழையவரையும் ஒரு நாள் சேர்த்து இருக்கச் சொல்லி அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுங்கள். அம்மாவுக்கு எந்தப் பக்கம் கால் வலி, மாத்திரையை மோரோடுதான் விழுங்குவார் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில்தான் கைமாறும். மாத்திரை கொடுத்த நேரத்தை எழுத ஒரு நோட்டு வைத்திருந்தோம், யார் வந்தாலும் முதல் வேலை அதைப் படிப்பது.

மீதி மாதச் செலவு சின்னச் சின்னது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரும் பரிசோதனையும் மாதத்துக்கு வகுத்தால் 1,500, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் போன்றவை 1,200, பழம், பால், ஆட்டோ, கரண்ட் சேர்ந்து 4 ஆயிரம். கரண்ட் என்றால் ஒன்று கவனியுங்கள், பகலெல்லாம் வீட்டில் ஆள் இருப்பதால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடலாம். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்கின் விலையும் சேர்ந்து ஏறும், பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இன்சூரன்ஸை நம்பி முதல் வருஷத்தைத் திட்டமிடாதீர்கள். 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற வரம்பு 2024ல் போய்விட்டது, பிரீமியத்துக்கு இருந்த ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் எடுக்கப்பட்டது, எல்லாம் சரி. ஆனால் ஏற்கெனவே இருக்கிற சுகருக்கும் பிரஷருக்கும் மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்க அனுமதி உண்டு, பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். பின்னால் உதவும் என்று எடுப்பதானால் எடுங்கள், முதல் வருஷத்துக்கு 1.5 லட்சம் தனியாக ஒரு வைப்பு நிதியில், நினைத்த நேரத்தில் எடுக்கிற மாதிரி போட்டு வையுங்கள். அப்பா ஓய்வூதியர் என்றால் அவருக்கு ஏற்கெனவே ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறதா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத பெற்றோருக்கு, 60 வயது தாண்டியிருந்தால், நீங்கள் செய்யும் மருத்துவச் செலவில் 50 ஆயிரம் வரை பழைய வரி முறையில் கழிவு கிடைக்கும், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. அதனால் மருந்துக் கடை, லேப் எல்லாவற்றுக்கும் போனிலிருந்தே பணம் அனுப்பி பில்லை வாங்கி வையுங்கள்.

ஆக உங்களுக்கு என் கணக்கு: அவர் வருவதற்கு முன் கையில் 2.5 லட்சம், அதில் ஒரு லட்சம் வீட்டுக்கும் முதல் பரிசோதனைக்கும், 1.5 லட்சம் தொடாமல். அப்புறம் மாசம் 35 ஆயிரம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் மாதப் பணத்தைப் பங்கு போடுவதைவிட அந்த 1.5 லட்சத்தை அவர்களிடம் கேட்பது எளிது. என் தம்பி மாதா மாதம் அனுப்பத் தயங்கினான், ஆனால் ஒரே தடவை என்றதும் மறுநாளே போட்டுவிட்டான்.

அழைத்து வரப் போகும்போது அன்றே கிளம்பாமல் இரண்டு இரவு அங்கே தங்குங்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், பாத்ரூமில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், காலி அட்டைகள் உட்பட, தலையணைக்கு அடியில் இருப்பதையும் சாமி மாடத்தில் இருப்பதையும் சேர்த்து ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டை அரிசி டப்பாவுக்குள் இருந்தது.